இருமத் தேடல்: முதல் இடம், கடைசி இடம், ஒன்று பிசகும் எல்லைகள்

இருமத் தேடல் என்பது வரிசைப்படுத்தப்பட்ட ஒரு பட்டியலில் வேண்டிய மதிப்பைத் தேடும் முறை. பட்டியலின் நடு உறுப்பைப் பார்த்து, தேடும் மதிப்பு அதைவிடச் சிறியதா பெரியதா என அறிந்து, ஒரு பாதியை ஒதுக்கிவிட்டு மறு பாதியில் இதே வேலையைத் தொடர்வது இதன் கருத்து. பத்து லட்சம் உறுப்புகள் கொண்ட பட்டியலிலும் 20 சுற்றுகளில் விடை கிடைத்துவிடும். தமிழ்நாட்டின் 12ஆம் வகுப்புக் கணினி அறிவியல் பாடத்திலும் இந்த முறை இடம்பெற்றுள்ளது.

கருத்தைச் சொல்ல இரண்டு வாக்கியங்கள் போதும். ஆனால் இதைப் பிழையின்றி எழுத உலகின் தேர்ந்த நிரலர்களுக்கே பல ஆண்டுகள் பிடித்தன. குறிப்பாக, ஒரே மதிப்பு பட்டியலில் பலமுறை வரும்போது அதன் முதல் இடம் எது, கடைசி இடம் எது என்று கண்டுபிடிக்கும் வடிவங்களில், `<` என்பதற்கும் `<=` என்பதற்கும் உள்ள சிறு வேறுபாடு நிரலை முடிவின்றிச் சுற்றவைக்கும், அல்லது ஓரிடம் தள்ளி விடை தரவைக்கும். அந்த வடிவங்கள் எப்படித் தோன்றின, பிழை எங்கே நுழைகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

ஒன்று பிசகும் பிழை என்றால் என்ன?

சென்னை – கும்மிடிப்பூண்டி புறநகர் ரயில் பாதையில் அத்திப்பட்டு, நந்தியம்பாக்கம், மீஞ்சூர், அனுப்பம்பட்டு, பொன்னேரி என நிலையங்கள் வரிசையாக வருகின்றன. அத்திப்பட்டு முதல் பொன்னேரி வரை எத்தனை நிலையங்கள் என்று கேட்டால் விடை 5. எத்தனை இடைவெளிகள் என்று கேட்டால் விடை 4. நிலையங்களுக்கு 1, 2, 3, 4, 5 என எண் இட்டுவிட்டு, கடைசி எண்ணிலிருந்து முதல் எண்ணைக் கழித்தால் 4 வரும். நிலையங்களின் எண்ணிக்கை வேண்டுமானால் அதனுடன் ஒன்றைக் கூட்ட வேண்டும். கூட்ட வேண்டிய இடத்தில் கூட்டாமல் விடுவதும், கூட்டக் கூடாத இடத்தில் கூட்டுவதும்தான் ஒன்று பிசகும் பிழை.

சாதாரண எண்ணும் மடக்கில் இந்தப் பிழை ஒருமுறை மட்டும் நிகழும். இருமத் தேடலில் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு எல்லைகளில் ஒன்றை நகர்த்துகிறோம். ஆகவே பிழை நுழையும் வாசல் ஒவ்வொரு சுற்றிலும் திறந்திருக்கிறது.

1946 முதல் 1960 வரை: பதினான்கு ஆண்டுகள்

இருமத் தேடலை முதன்முதலில் அச்சில் குறிப்பிட்டவர் ஜான் மாக்லி. எனியாக் கணினியை வடிவமைத்த இருவரில் ஒருவரான இவர், 1946ஆம் ஆண்டு கோடையில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மூர் பள்ளியில் நடந்த விரிவுரைத் தொடரில் இம்முறையைப் பற்றிப் பேசினார்.

1950களில் நிரலர்கள் பலரும் இதை அறிந்திருந்தனர். ஆனால் டொனால்ட் குனூத் 1973இல் வெளிவந்த தம் நூலின் மூன்றாம் தொகுதியில் காட்டுவதுபோல, பட்டியலின் நீளம் 1, 3, 7, 15, 31 போன்ற எண்ணாக இல்லாவிட்டால் என்ன செய்வது என்பதை அக்காலத்தில் எவரும் விரிவாக எழுதி வைக்கவில்லை.

அந்த எண்களுக்கு மட்டும் என்ன சிறப்பு? 15 உறுப்புகள் இருந்தால் நடு உறுப்பு சரியாக எட்டாவது. அதன் இடப்பக்கம் 7, வலப்பக்கம் 7. அந்த ஏழுக்கும் சரியான நடு உண்டு. இருபுறமும் மூன்று மூன்று. பிறகு ஒன்று ஒன்று. எந்தச் சுற்றிலும் நடு எது என்ற ஐயம் எழாது. 12 உறுப்புகள் என்றால் நடுவில் இரண்டு உறுப்புகள் நிற்கும். இடப்பக்கத்து உறுப்பை எடுப்பதா, வலப்பக்கத்து உறுப்பையா? எடுத்ததை அடுத்த சுற்றில் வைத்துக்கொள்வதா, ஒதுக்குவதா? பிழைகள் பிறக்கும் இடம் இதுதான்.

எந்த நீளத்துக்கும் பொருந்தும் இருமத் தேடலை முதலில் வெளியிட்டவர் டெரிக் ஹென்றி லேமர் என்று குனூத் குறிப்பிடுகிறார். அது 1960இல். முதல் குறிப்புக்கும் முழுமையான முதல் வடிவத்துக்கும் இடையே பதினான்கு ஆண்டுகள் ஓடிவிட்டன.

ஒரே மதிப்பு பலமுறை வந்தால்

மாதிரிக்காக, மீஞ்சூரில் ஒரு வகுப்பில் 12 மாணவர்கள் பெற்ற மதிப்பெண்களை ஏறுவரிசையில் எழுதியிருப்பதாகக் கொள்வோம். சுட்டெண் 0 முதல் 11 வரை.

```
சுட்டெண்:   0  1  2  3  4  5  6  7  8  9 10 11
மதிப்பெண்: 24 28 31 35 35 35 35 42 47 58 63 71
```

35 மதிப்பெண் தேர்ச்சி எல்லை. எத்தனை பேர் சரியாக 35 பெற்றனர், எத்தனை பேர் தேர்ச்சி பெற்றனர் என்பவை இரண்டு கேள்விகள்.

பாடநூலில் உள்ள வழக்கமான இருமத் தேடலை ஓட்டினால், முதல் சுற்றிலேயே நடு சுட்டெண் 5. அங்கே 35 இருக்கிறது. "கண்டுபிடித்தேன், இடம் 5" என்று சொல்லி நிரல் நின்றுவிடும். அது முதல் 35 அன்று. கடைசி 35உம் அன்று. நடுவில் மாட்டிய ஏதோ ஒன்று. சி மொழியின் `bsearch`, ஜாவா மொழியின் `Arrays.binarySearch` ஆகியவற்றின் விளக்கக் குறிப்புகளும், சமமான உறுப்புகள் பல இருந்தால் அவற்றுள் எது கிடைக்கும் என்பதற்கு உறுதி தருவதில்லை.

கிடைத்த இடத்திலிருந்து இடப்பக்கம் ஒவ்வொன்றாக நகர்ந்தால் முதல் இடம் வந்துவிடும் என்று சிலர் எழுதுவர். நான்கு பேர் என்றால் சரி. பத்து லட்சம் பேர் பட்டியலில் 40,000 பேர் ஒரே மதிப்பெண் பெற்றிருந்தால், 20 சுற்றில் முடிய வேண்டிய வேலை ஆயிரக்கணக்கான அடிகளாக நீளும். ஆகவே, சமமான மதிப்பைக் கண்டதும் நிற்காமல் பாதியாக்குவதைத் தொடரும் வடிவம் தேவைப்படுகிறது.

முதல் இடம்

கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்க வேண்டும். "35 எங்கே?" என்று கேட்காமல் "35க்குக் குறையாத முதல் மதிப்பெண் எங்கே?" என்று கேட்டால், பட்டியல் இரண்டே பகுதிகளாகப் பிரியும்: குறைந்தவை இடப்பக்கம், குறையாதவை வலப்பக்கம். இரண்டும் சந்திக்கும் எல்லையைத் தேடுவதுதான் வேலை.

```
def first_at_least(a, x):
    lo = 0
    hi = len(a)
    while lo < hi:
        mid = (lo + hi) // 2
        if a[mid] < x:
            lo = mid + 1
        else:
            hi = mid
    return lo
```

இங்கே `lo` தேடும் பகுதியின் தொடக்கம். `hi` பகுதியின் முடிவுக்கு அடுத்த இடம். அதாவது `hi` என்ற இடம் தேடலில் சேராது. எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1982இல் எழுதிய ஒரு குறிப்பில், தொடக்கத்தைச் சேர்த்து முடிவை விலக்கும் இந்த எழுதுமுறையே சிறந்தது என வாதிட்டார். அதில் கழித்தல் ஒன்றே எண்ணிக்கையைத் தந்துவிடும். கூட்ட வேண்டிய ஒன்று கிடையாது.

35ஐத் தேடி நடத்திப் பார்ப்போம்.

முதல் சுற்றில் `lo` 0, `hi` 12, நடு 6. அங்கே 35, அது 35க்குக் குறைவில்லை. `hi` 6 ஆகிறது. இரண்டாம் சுற்றில் நடு 3. அங்கும் 35. `hi` 3 ஆகிறது. மூன்றாம் சுற்றில் நடு 1. அங்கே 28, குறைவு. `lo` 2 ஆகிறது. நான்காம் சுற்றில் நடு 2. அங்கே 31, குறைவு. `lo` 3 ஆகிறது. இரண்டும் சந்தித்துவிட்டன. விடை 3.

இந்த நிரல் ஏன் சரி என்பதற்குக் காரணம் ஒன்றுதான். எந்தச் சுற்றின் தொடக்கத்திலும், `lo`வுக்கு முன்னால் இருப்பவை எல்லாம் 35க்குக் குறைந்தவை. `hi` முதல் இருப்பவை எல்லாம் 35க்குக் குறையாதவை. இதை மாறா நிபந்தனை என்பர். நடு எப்போதும் `lo`வுக்குக் குறையாமலும் `hi`க்குக் கீழேயும் இருப்பதால், ஒவ்வொரு சுற்றிலும் பகுதி சுருங்கியே தீரும். எனவே நிரல் நின்றே தீரும்.

இதே நிரலில் மூன்று பிழைகள்

முதலாவது, `while lo < hi` என்பதை `while lo <= hi` என்று எழுதுவது. மேலே உள்ள கணக்கில் `lo` 3, `hi` 3 ஆனதும் மடக்கு நிற்காது. நடு 3; அங்கே 35; `hi` மீண்டும் 3. எதுவும் மாறாமல் முடிவின்றிச் சுற்றும். இதே பிழையுடன் 80ஐத் தேடினால் வேறு அடையாளம் தெரியும். `lo` 7, 10, 12 என நகர்ந்து `hi`யைத் தொடும். பிறகு நடு 12 என்று கணக்கிடப்படும். 12 என்ற சுட்டெண்ணே பட்டியலில் இல்லை. பைத்தான் பிழை காட்டி நிற்கும். ஒரே பிழை ஓரிடத்தில் உறைந்து நிற்கிறது, இன்னோரிடத்தில் எல்லை தாண்டுகிறது.

இரண்டாவது, `hi = len(a)` என்பதற்குப் பதிலாக `hi = len(a) - 1` என்று தொடங்குவது. 35, 42, 71 எதைத் தேடினாலும் சரியான விடை வரும். 80ஐத் தேடினால் மட்டும் 11 என்று சொல்லும். ஆனால் 11ஆம் இடத்தில் இருப்பது 71. அது 80க்குக் குறைந்தது. சரியான விடை 12, அதாவது அப்படி எவரும் இல்லை. எல்லா மதிப்புகளும் தேடும் எண்ணைவிடச் சிறியவையாக இருந்தால்தான் இந்தப் பிழை வெளிப்படும் என்பதால், இது நெடுநாள் மறைந்திருக்கும்.

மூன்றாவது, `hi = mid` என்பதை `hi = mid - 1` என்று எழுதுவது. இதுதான் மிகவும் ஏமாற்றக்கூடியது. 35ஐத் தேடினால் 3 என்ற சரியான விடை வரும். 42ஐத் தேடினாலும் 7 என்று சரியாகவே சொல்லும். 31ஐத் தேடினால் `hi` 5 ஆகி, நடு 2இல் 31ஐக் கண்டு, `hi` 1 ஆகிவிடும். கையில் கிடைத்த விடையையே தேடலிலிருந்து வெளியே தள்ளிவிட்டு, கடைசியில் 1 என்று பதில் சொல்லும். அங்கே இருப்பது 28. இரண்டு மூன்று எண்களை மட்டும் கொடுத்துச் சோதித்தவருக்கு நிரல் சரி என்றே தோன்றும்.

இந்த மூன்றாம் பிழைக்குக் காரணம் இரண்டு எழுதுமுறைகளைக் கலப்பது. `hi` தேடலில் சேரும் என்ற முறையில் நடுவை ஒதுக்க வேண்டுமானால் `mid - 1` பொருத்தம். `hi` சேராது என்ற முறையில் `mid` என்று எழுதினாலே நடு ஒதுக்கப்பட்டுவிடும். தொடக்க மதிப்பு, மடக்கின் நிபந்தனை, எல்லையை நகர்த்தும் வரி ஆகிய மூன்றும் ஒரே முறையைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும்.

கடைசி இடம்: 1962இல் வந்த வடிவம்

கடைசி இடத்தைத் தேடும் வடிவத்துக்கு ஒரு தனி வரலாறு உண்டு. ஹெர்மன் பாட்டன்புரூக் 1962இல் அல்கால் 60 மொழி பற்றி எழுதிய கட்டுரையில் ஒரு மாற்றத்தைத் தந்தார். ஒவ்வொரு சுற்றிலும் "சமமா?" என்று தனியே கேட்பதை விட்டுவிட்டு, "நடு உறுப்பு தேடும் மதிப்பைவிடப் பெரியதா, இல்லையா" என்று மட்டும் கேட்டார். சமமா என்ற சோதனையை எல்லாம் முடிந்தபின் ஒருமுறை செய்தால் போதும். மடக்குக்குள் வேலை குறைகிறது என்பதே இதன் பயனாகச் சொல்லப்பட்டது. ஆனால் இந்த வடிவம் நிற்கும் இடம், தேடும் மதிப்பைத் தாண்டாத கடைசி உறுப்பு. அதாவது கடைசி இடம் தானாகவே கிடைத்துவிடுகிறது.

```
lo = 0
hi = len(a) - 1
while lo < hi:
    mid = (lo + hi + 1) // 2
    if a[mid] <= x:
        lo = mid
    else:
        hi = mid - 1
```

இங்கே இரு எல்லைகளும் தேடலில் சேரும். முதல் உறுப்பாவது `x`ஐத் தாண்டாமல் இருக்கிறது என்பது முன்நிபந்தனை. 35ஐத் தேடினால், நடு 6இல் 35. `lo` 6 ஆகிறது. அடுத்து நடு 9இல் 58. `hi` 8 ஆகிறது. அடுத்து நடு 7இல் 42. `hi` 6 ஆகிறது. விடை 6. முதல் இடம் 3, கடைசி இடம் 6. ஆகவே 35 பெற்றவர்கள் 6 − 3 + 1, அதாவது 4 பேர். இரு முனைகளும் சேர்வதால் ரயில் நிலையக் கணக்குப்போல ஒன்று கூட்டுகிறோம்.

நடுவைக் கணக்கிடும் வரியில் உள்ள `+ 1` ஏன்? அதை நீக்கிப் பார்த்தால் விளங்கும். நடு 5, `lo` 5. நடு 8இல் 47, `hi` 7. நடு 6, `lo` 6. இப்போது `lo` 6, `hi` 7. இவற்றின் கூட்டல் 13, பாதி 6.5, கீழே இறக்கினால் 6. அங்கே 35, ஆகவே `lo` மீண்டும் 6. நிரல் இனி நகராது. இரண்டே உறுப்புகள் மிஞ்சும்போது கீழே இறக்கிய நடு எப்போதும் `lo`வாகவே இருக்கும். அதை `lo`வில் இட்டால் எதுவும் சுருங்காது. பாட்டன்புரூக் நடுவை மேல்நோக்கி முழுமையாக்கியது இதனால்தான். `lo = mid` என்று எழுதினால் நடுவை மேலே ஏற்ற வேண்டும். `hi = mid` என்று எழுதினால் கீழே இறக்க வேண்டும். இந்த ஒரு விதியை நினைவில் வைத்தால், முடிவின்றிச் சுற்றும் பிழைகளில் பெரும்பாலானவை ஒழியும்.

இன்று பலரும் வேறொரு வழியைக் கையாள்கின்றனர். முதல் இடத்துக்கான நிரலில் `a[mid] < x` என்பதை `a[mid] <= x` என்று மட்டும் மாற்றினால், `x`ஐத் தாண்டும் முதல் இடம் கிடைக்கும். நம் பட்டியலில் அது 7. ஏழிலிருந்து மூன்றைக் கழித்தால் நேராக 4. பட்டியலில் இல்லாத 50ஐத் தேடினால் இரண்டு விடைகளும் 9, கழித்தால் 0. தனிச் சோதனை ஏதும் தேவையில்லை. தேர்ச்சி பெற்றோர் 12 − 3, அதாவது 9 பேர். இந்த இணையே சி++ மொழியில் `lower_bound`, `upper_bound` என்றும், பைத்தானில் `bisect_left`, `bisect_right` என்றும் உள்ளது.

பிழைகளை எண்ணியவர்கள்

1983இல் ஜான் பென்ட்லி தம் இதழ்ப் பத்தியில் ஓர் அனுபவத்தை எழுதினார். பணியில் இருந்த நிரலர்களிடம் இருமத் தேடலை எழுதச் சொல்லி ஓரிரு மணி நேரம் கொடுத்தபோது, ஏறத்தாழ 90 விழுக்காட்டினரின் நிரலில் பிழை இருந்தது. 1988இல் ரிச்சர்டு பாட்டிஸ் 20 பாடநூல்களை எடுத்துப் பார்த்தார். ஐந்தில் மட்டுமே இருமத் தேடல் சரியாக இருந்தது.

பென்ட்லியின் மாணவராக இருந்த ஜோஷ்வா பிளாக் 2006இல் இன்னொன்றை வெளிப்படுத்தினார். பென்ட்லி சரி எனக் காட்டிய நிரலிலும், அதைப் பின்பற்றித் தாமே ஜாவாவுக்கு எழுதிய நிரலிலும் `(low + high) / 2` என்ற வரி இருந்தது. பட்டியலின் நீளம் 2³⁰, அதாவது சுமார் 107 கோடியைத் தாண்டினால், அந்தக் கூட்டல் 32 இரும முழு எண்ணில் அடங்காமல் குறை எண்ணாகிவிடும். `low + (high - low) / 2` என்று எழுதினால் இது நேராது. பைத்தானின் முழு எண்களுக்கு அளவு வரம்பில்லாததால் அம்மொழியில் இந்தச் சிக்கல் எழாது.

சோதிக்கும் முறை

மேலே கண்ட பிழைகள் பெரும்பாலும் பட்டியலின் ஓரங்களிலும் மிகச் சிறிய பட்டியல்களிலும் வெளிப்படுகின்றன. ஆகவே பெரிய பட்டியல் ஒன்றில் சோதிப்பதைவிட, சிறிய பட்டியல்கள் அனைத்திலும் சோதிப்பது மேல். நீளம் 0 முதல் 6 வரை, 1, 3, 5 என்ற மதிப்புகளை மட்டும் கொண்டு அமையும் எல்லா ஏறுவரிசைப் பட்டியல்களையும் உருவாக்கலாம். ஒவ்வொன்றிலும் 0 முதல் 6 வரை எல்லா எண்களையும் தேடி, விடையை ஒவ்வோர் உறுப்பாகப் பார்க்கும் நேர்த் தேடலின் விடையோடு ஒப்பிடலாம். வெறும் பட்டியல், ஓர் உறுப்பு, இரண்டு உறுப்புகள், எல்லாம் சமம், எல்லாவற்றையும்விடச் சிறிய எண், எல்லாவற்றையும்விடப் பெரிய எண் ஆகிய அனைத்தும் இதற்குள் வந்துவிடும். மடக்கு பத்துச் சுற்றுகளைத் தாண்டினால் நிறுத்தும்படி ஓர் எண்ணியை வைத்தால், முடிவின்றிச் சுற்றும் பிழையும் பிடிபடும்.

தமிழ்ச் சொற்களில் தேடும்போது

ஓர் அகராதியில் "மீ" என்று தொடங்கும் சொற்கள் எத்தனை என்பதும் முதல் இடம், கடைசி இடக் கேள்விதான். ஆனால் இங்கே நிரலின் எல்லைகள் சரியாக இருந்தாலும் விடை தவறலாம். தமிழ் நெடுங்கணக்கில் றகரமும் னகரமும் கடைசியில் வருகின்றன. எனவே அகராதியில் "மீறல்" முதலிலும் "மீன்" அதன் பின்னும் நிற்கும். ஒருங்குறியின் குறியெண் வரிசையிலோ னகரம் நகரத்தை அடுத்து வருகிறது. றகரம் அதற்குப் பின். ஆகவே கணினியின் இயல்பான ஒப்பீட்டில் "மீன்" முந்தும். அகராதி வரிசையில் அடுக்கிய பட்டியலைக் குறியெண் ஒப்பீட்டால் தேடினால், குறைந்தவை ஒருபுறம், குறையாதவை மறுபுறம் என்ற பிரிவே குலைந்துவிடும். இருக்கும் சொல்லையே நிரல் இல்லை என்று சொல்லக்கூடும். பட்டியலை அடுக்கப் பயன்படுத்திய அதே ஒப்பீட்டையே தேடலிலும் பயன்படுத்த வேண்டும்.